பன்னிரண்டு என்று எழுதிய பையன்

மூன்றாம் வகுப்பு படிக்கும் குழந்தையிடம் 8 + 4 = □ + 5 என்று எழுதிக் காட்டி, கட்டத்துக்குள் என்ன வரும் என்று கேளுங்கள். பெரும்பாலும் 12 என்றுதான் பதில் வரும். சில பிள்ளைகள் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டி 17 என்பார்கள். 7 என்று சொல்லும் பிள்ளை அபூர்வம். அமெரிக்காவில் ஃபால்க்னர், லெவி, கார்ப்பெண்டர் மூவரும் 1999-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு தகவல் வருகிறது. இதே கணக்கைக் கொடுத்தபோது ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரில் ஒருவர்கூடச் சரியான விடை எழுதவில்லை. அவர்கள் கூட்டல் தெரியாதவர்கள் அல்லர். சமக்குறியை ‘விடையை இங்கே எழுது’ என்ற கட்டளையாகவே படித்துப் பழகியிருந்தார்கள்.

இந்தக் கணக்கை வேண்டுமென்றேதான் எடுத்துக்கொள்கிறேன். குழந்தை தான் கற்றதைத் தன் சொல்லில் விளக்கும்போது என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தவர்களில் பலர், சொல்லிவைத்தாற்போல இதே வகைக் கணக்கைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள். எட்டு வயதுக்கும் இதற்கும் ஒரு தனித் தொடர்பு உண்டு. நிக்கோல் மெக்நீல் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கணக்குகளை ஏழு வயதுப் பிள்ளைகள் ஒன்பது வயதுப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். வயது ஏற ஏறத் தேற வேண்டிய ஒன்று இடையில் சரிந்துவிட்டுப் பிறகுதான் மேலேறுகிறது. 3 + 4 = □ என்ற ஒரே வடிவத்தில் கணக்குகளைப் போட்டுப் போட்டு, ‘சமக்குறி வந்தால் கூட்டு’ என்ற பழக்கம் அந்த வயதில் இறுகிவிடுகிறது என்பது அவர் தரும் விளக்கம். ஆகவே மூன்றாம் வகுப்பில் சமக்குறிப் பாடம் எடுக்கும் ஆசிரியரின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தக் குறியைப் பற்றி ஏற்கெனவே ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்ட பிள்ளைகள்.

தராசின் இரண்டு தட்டுகளிலும் புளியங்கொட்டைகளைப் போட்டுக் காட்டி ஆசிரியர் பாடத்தை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் உற்சாகமாக எண்ணுகிறார்கள், பலகையில் மூன்று கணக்குகளைச் செய்தும் முடித்தாகிவிட்டது. மணி அடிக்கச் சில நிமிடங்களே இருக்கின்றன. பழைய தீர்மானம் அசைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இப்போது என்ன கேட்பது?

நம் வகுப்பறைகளில் இந்த இடத்தில் வழக்கமாக வரும் கேள்வி, “எல்லாருக்கும் புரிஞ்சுதா?” பதிலும் வழக்கமானதே. “புரிஞ்சுது மிஸ்!” என்று வகுப்பு முழுவதும் ஒரே இழுப்பாக இழுக்கும். பிள்ளைகள் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. கேண்டிஸ் மில்ஸ், ஃபிராங்க் கீல் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று குழந்தைகளே தங்களுக்கு மதிப்புப் போட்டுக்கொண்டார்கள். பிறகு அதை விளக்கச் சொன்னார்கள். கிட்டத்தட்ட எட்டு வயதான இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள், விளக்க முயன்ற பிறகுதான் தங்களுக்கு நினைத்த அளவு தெரியவில்லை என்று கண்டுகொண்டு மதிப்பைக் குறைத்தார்கள். பெரியவர்களும் இதில் அப்படித்தான். வாயைத் திறந்து விளக்கும்வரை, புரிந்துவிட்டது என்ற எண்ணம் எல்லாருக்கும் உண்மையாகவே இருக்கிறது. விளக்கச் சொல்லாமல் புரிந்ததா என்று மட்டும் கேட்டால், அந்த எண்ணம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். இருக்கிறது என்று அவர்களும் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாவது வழக்கம், “இன்னைக்கு என்ன படிச்சோம்?” முதல் கேள்வியைவிடத் திறந்ததுபோலத் தோன்றுவதால் பயிற்சி வகுப்புகளில் இதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் எட்டு வயதுக் குழந்தையிடமிருந்து இதற்குக் கிடைப்பது பாடத் தலைப்பு: “கணக்கு படிச்சோம்.” கொஞ்சம் வற்புறுத்தினால், “தராசு வெச்சு படிச்சோம்.” ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் காட்டுகிறது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஓர் அறிவியல் பகுதியைப் படிக்கவைத்து, நினைவிலிருப்பதையெல்லாம் எழுதச் சொன்னால் மிகக் குறைவாகவே எழுதினார்கள். கல்லூரி மாணவருக்கு நன்றாகப் பலிக்கும் இந்த முறை குழந்தைகளுக்குப் பலிக்கவில்லை. பாதி நிரப்பிய வரைபடம் போன்ற ஒரு பிடிமானத்தைக் கொடுத்தபோதுதான் நினைவு வெளியே வந்தது. எட்டு வயதில் மனத்துக்குள் தானாகவே தேடி, எது முக்கியம் என்று பொறுக்கி, வரிசைப்படுத்திச் சொல்லும் திறமை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ‘திறந்த கேள்வி நல்லது, மூடிய கேள்வி கெட்டது’ என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தருகிறோம். அது இந்த வயதுக்குப் பொருந்தாத விதி என்பது என் கருத்து. குழந்தைக்குக் கையில் பிடிக்க ஒன்று வேண்டும்.

எதைக் கையில் கொடுப்பது என்பதற்கு ராபர்ட் சீக்லர் 2002-இல் எழுதியதில் தெளிவான விடை இருக்கிறது. மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் நம் கணக்கைப் போன்ற சமக்குறிக் கணக்குகளைக் கொடுத்து மூன்று விதமாக விளக்கச் சொன்னார். ஒரு குழு தாங்கள் எழுதிய விடைக்கே காரணம் சொன்னது. இன்னொரு குழு சரியான விடை ஏன் சரி என்று சொன்னது. மூன்றாவது குழு சரியான விடை ஏன் சரி என்பதோடு, தவறான விடை ஏன் தவறு என்றும் சொன்னது. நன்றாகக் கற்றவர்கள் மூன்றாவது குழுவினர். தன் விடைக்கே காரணம் சொல்லும் குழந்தை, தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவற்றுக்கே நியாயம் தேடுகிறது. சரியானதற்கு மட்டும் காரணம் சொல்லும் குழந்தை புது முறையைக் கற்றுக்கொள்கிறது, ஆனால் பழைய முறை பக்கத்திலேயே உயிரோடு இருக்கிறது. தவறு ஏன் தவறு என்று சொல்ல நேரும்போதுதான் பழைய முறையின் மேல் கை படுகிறது.

தவறான விடையைப் பலகையில் எழுதினால் பிள்ளைகள் மனத்தில் அதுவே பதிந்துவிடும் என்று அஞ்சும் ஆசிரியர்கள் உண்டு. இந்தக் கணக்கைப் பொறுத்தவரை அந்த அச்சம் காலம் கடந்தது. 12 ஏற்கெனவே அவர்கள் மனத்தில் பதிந்துதான் இருக்கிறது.

பெத்தனி ரிட்டில்-ஜான்சன் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதே வழியில் இன்னொரு படி போகிறது. மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளில் சிலருக்கு முறையை நேரடியாகச் சொல்லிக்கொடுத்தார், சிலரைத் தாமே கண்டுபிடிக்க விட்டார். இரண்டு தரப்பிலும் பாதிப் பேரிடம், வேறொரு பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் எழுதிய விடைகள் என்று ஒரு சரியானதையும் ஒரு தவறானதையும் காட்டி, அவர்கள் எப்படி அந்த விடைக்கு வந்திருப்பார்கள், அது ஏன் சரி அல்லது ஏன் தவறு என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தாலும் சரி, தாமே கண்டுபிடித்தாலும் சரி, விளக்கிய பிள்ளைகள் முன்பின் பார்த்திராத வடிவக் கணக்குகளிலும் தேறினார்கள். இரண்டு வாரம் கழித்து வைத்த தேர்விலும் பலன் இருந்தது. ‘வேறொரு பள்ளிப் பிள்ளை’ என்ற அந்தச் சிறிய ஏற்பாட்டை நம் ஆசிரியர்கள் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் நோட்டைத் தூக்கிக் காட்டி ‘இது ஏன் தப்பு?’ என்று கேட்டால், விளக்கம் வருவதற்கு முன்னால் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். ஊர் பேர் தெரியாத ஒரு பையன் தவறு செய்தால் எல்லாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பாய்ந்து வருவார்கள்.

இனி நம் வகுப்புக்கு வருவோம். முப்பது பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை. முடிவுக் கேள்விக்கு எட்டு நிமிடம் ஒதுக்குகிறோம். ஐந்து நிமிடம் போதாது, பத்து நிமிடம் கொடுத்தால் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். பாடத்தின்போது எழுதியதை ஆசிரியர் அழிக்கவில்லை. ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். பன்ஷோ என்று அதற்குப் பெயர். அன்றைய பாடத்தின் தொடக்கக் கேள்வி, பிள்ளைகள் முயன்ற வழிகள், தவறுகள் எல்லாம் இடமிருந்து வலமாகப் பலகையில் கடைசிவரை நிற்கும். பாட முடிவில் ‘மத்தோமே’ என்ற தொகுப்பு நேரத்தில் அதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் பேசுவார்கள். கார்ப்பிக்கியின் ஆய்வு சொன்ன பிடிமானம் இப்படிச் செலவில்லாமல் கிடைக்கிறது. நம் பலகை சிறியது, அதில் பாதி தேதி, வருகைப்பதிவு, திருக்குறளுக்குப் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். மிச்சமிருப்பதை அழிக்காமல் வைத்தாலே போதும்.

பலகையின் ஓரத்தில் ஆசிரியர் 8 + 4 = □ + 5 என்று எழுதுகிறார். பக்கத்தில் 12, 7 என்று இரண்டு விடைகள். “வேற ஸ்கூல்ல ஒரு பையன் 12ன்னு எழுதினான். ஒரு பொண்ணு 7ன்னு எழுதினா. அந்தப் பையன் என்ன நெனச்சு 12ன்னு எழுதியிருப்பான்? அவன்கிட்ட நீங்க என்ன சொல்வீங்க?” கேள்வி இவ்வளவுதான். எந்த விடை சரி என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதைக் கேட்டால் ஒரு சொல்லில் முடிந்துவிடும், முப்பது பேரில் பாதிப் பேர் பக்கத்துப் பிள்ளை சொன்னதையே சொல்வார்கள்.

கேட்டு முடித்ததும் ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது எளிதல்ல. மேரி பட் ரோ 1974-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் தாமே சொன்னார்கள், அல்லது வேறு பிள்ளையிடம் போனார்கள். பிள்ளை பேசி முடித்த பிறகும் ஒரு விநாடிக்குள் குறுக்கிட்டார்கள். இந்த இரண்டு இடைவெளிகளையும் மூன்று விநாடி அளவுக்கு நீட்டியபோது பதில்களின் நீளம் பல மடங்கு கூடியது, பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். விளக்கம் கேட்கும் கேள்விக்கு மூன்று விநாடியும் போதாது. அரை நிமிடம் யாரும் கையைத் தூக்காமல் யோசிக்கட்டும். அடுத்த இரண்டு நிமிடம் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். முப்பது பேரும் வாயைத் திறக்க வேறு வழி இல்லை. பிறகு மூன்று நான்கு பேர் வகுப்புக்குச் சொல்லட்டும்.

இந்த இடத்தில் ஆசிரியரின் நாக்கில் ‘வெரிகுட்’ வந்து நிற்கும். ஹியூ மெஹான் 1979-இல் எழுதிய நூல் கலிஃபோர்னியாவில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் சேர்ந்து படித்த ஒரு வகுப்பறையின் பேச்சை ஆராய்கிறது. ஆசிரியர் கேட்பார், பிள்ளை சொல்லும், ஆசிரியர் மதிப்பிடுவார் என்ற மூன்றடிச் சுழற்சி வகுப்பறைப் பேச்சின் அடிப்படை அமைப்பு என்று அவர் காட்டினார். மதிப்பீடு வந்தவுடன் பேச்சு முடிந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ‘வெரிகுட்’ கேட்ட மாத்திரத்தில் மற்ற இருபத்தொன்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பதிலாக “சரி, அவன் 5-ஐப் பார்க்கலைன்னு சொல்றா. பார்த்திருந்தா என்ன எழுதியிருப்பான்?” என்று சொன்னதையே திருப்பி வகுப்புக்குள் எறிய வேண்டும்.

அந்த உதாரணத்தை நான் சும்மா எழுதவில்லை. “அவன் அந்தப் பக்கம் இருக்கிற 5-ஐப் பார்க்கவே இல்ல” என்பது நல்ல விளக்கம் போலவே ஒலிக்கும். ஆனால் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பான் என்று கேட்டால் சில பிள்ளைகள் “17” என்பார்கள். 5-ஐக் கவனிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. அதை எதற்காகக் கவனிக்கிறோம் என்பது இன்னும் தெரியவில்லை. முதல் பதிலோடு நிறுத்தியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. இன்னொரு பிள்ளை, “ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்” என்று சொல்லும். அன்று ஆசிரியர் பத்து முறை சொன்ன வாக்கியம் அது. மனப்பாடமா, புரிதலா என்பதை அந்த வாக்கியத்தை வைத்துச் சொல்லவே முடியாது. “சரி, 12 போட்டா இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு?” என்று எண்ணில் இறக்கிக் கேட்டால் தெரிந்துவிடும். “இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 17, அவனுக்கு அந்தப் பக்கம் அஞ்சு ஜாஸ்தியாயிடுச்சு” என்று சொல்லும் பிள்ளைக்குப் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் வாக்கியத்தில் ‘சமம்’ என்ற சொல்லே இல்லை என்பதையும் பாருங்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாடநூல் எழுத்துத் தமிழில் இருக்கிறது. பிள்ளையின் யோசனை பேச்சுத் தமிழில் நடக்கிறது. ‘உன் சொந்தச் சொல்லில் சொல்’ என்று கேட்டுவிட்டு, “ரெண்டு சைடும் ஒண்ணா வரணும்” என்றதும் “இரண்டு பக்கங்களும்னு சொல்லு” என்று திருத்தினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை பாடநூல் வரியைத்தான் ஒப்பிக்கும். அது பாதுகாப்பானது, திருத்த ஒன்றும் இருக்காது. தெலுங்கோ சௌராஷ்டிரமோ இந்தியோ வீட்டில் பேசும் பிள்ளை முற்றிலும் மௌனமாகிவிடும். பாட முடிவின் எட்டு நிமிடம் மொழிப் பயிற்சிக்கான நேரம் அல்ல. எழுத்துத் தமிழும் வேண்டும்தான். அதற்குத் தமிழ்ப் பாடவேளை இருக்கிறது.

சொல் வராத பிள்ளைக்குக் கை வரும். இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. சூசன் கோல்டின்-மெடோவும் சக ஆய்வாளர்களும் 1988-இல் இதே சமக்குறிக் கணக்கை விளக்கும் குழந்தைகளின் கைகளைக் கவனித்தார்கள். சில பிள்ளைகள் வாயால் ‘எல்லாத்தையும் கூட்டினேன்’ என்று சொல்லும்போதே கை வேறொன்றைச் சொன்னது. சமக்குறிக்கு இடப்பக்கம் உள்ள எண்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்டிவிட்டு, வலப்பக்கத்தைத் தனியாகக் காட்டியது. வாய்க்கும் கைக்கும் இப்படிப் பொருந்தாத பிள்ளைகள்தான் அடுத்து சொல்லிக்கொடுத்தபோது அதிகம் கற்றார்கள். 2007-இல் வந்த இன்னோர் ஆய்வில், மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை விளக்கும்போது கையை அசைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, அதுவரை வாயில் வராத சரியான யோசனைகள் கையில் வந்தன. அவர்களும் பிறகு நடத்திய பாடத்தில் அதிகம் பயனடைந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு, எழுந்து நின்று பதில் சொல்லும் நம் பழக்கம் இந்த வாசலை அடைத்துவிடுகிறது. பலகைக்கு அருகே வந்து தொட்டுக் காட்டிச் சொல்லட்டும்.

எட்டு நிமிடத்தின் கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் ஒரு சீட்டு. நோட்டுத் தாளைக் கால்வாசியாகக் கிழித்தால் போதும். 9 + 6 = □ + 7 என்ற புதுக் கணக்கு. கட்டத்தை நிரப்பிவிட்டு, ‘15ன்னு எழுதினவனுக்கு’ என்று தொடங்கும் ஒரு வரியை முடிக்க வேண்டும். எட்டு வயதில் ஒரு வரி எழுதுவதே பலருக்குப் பெரிய வேலை. எழுதத் தெரியாததைப் புரியாததாக எண்ணிவிடக் கூடாது. அதனால்தான் பேச்சு முதலிலும் எழுத்து கடைசியிலும் வருகிறது. எழுத முடியாத பிள்ளை இரண்டு பக்கமும் புள்ளி வைத்துக் காட்டினாலும் சரி.

சீட்டுகளை எடுத்து மூன்று அடுக்காகப் பிரித்தால் அடுத்த நாள் பாடம் தெரிந்துவிடும். 8 என்று எழுதி, 15 போட்டால் மறுபக்கம் 22 ஆகிவிடும் என்பதுபோல ஏதாவது காரணமும் எழுதியவர்கள் ஓர் அடுக்கு. 8 என்று எழுதி, காரணம் இல்லாமலோ ‘மிஸ் சொன்னாங்க’ என்றோ எழுதியவர்கள் இரண்டாவது. 15, 22 என்று எழுதியவர்கள் மூன்றாவது. ஆசிரியர்கள் பொதுவாக மூன்றாவது அடுக்கைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். இரண்டாவது அடுக்குதான் ஏமாற்றும். அவர்களில் சிலர் ‘முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழி’ என்ற சூத்திரத்தை அன்று பிடித்துக்கொண்டவர்கள். 7 = 3 + 4 என்று எழுதி, இது சரியா தவறா என்று கேட்டால் ‘திருப்பி எழுதியிருக்கு, தப்பு’ என்பார்கள். மறுநாள் காலை இப்படிச் சரி–தவறு வாக்கியங்கள் நான்கைந்து கொடுத்து அவர்களைப் பேசவைப்பதுதான் மருந்து. □ = 9 + 8 போல விடைக் கட்டத்தை முன்னால் வைக்கும் கணக்குகளில் பயிற்சி பெற்ற பிள்ளைகள் சமத்தன்மையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்று மெக்நீலும் சகாக்களும் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது அடுக்குக்குத் தராசும் புளியங்கொட்டையும் மறுபடி வேண்டும், கேள்வி வேண்டாம்.

அறிவியலில் இதே வடிவம் சற்று மாறும். ஈரத் துணி காய்ந்த பாடத்தின் முடிவில், “தண்ணி தரைக்குள்ள போயிடுச்சுன்னு ஒரு பையன் சொல்றான். துணி கொடியில தொங்குது, கீழ ஒரு சொட்டுகூட விழல. அவனுக்கு என்ன சொல்வீங்க?” என்று கேட்கலாம். ஆனால் பிள்ளைகள் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிக்கும் முன்பே விளக்கம் கேட்கக் கூடாது. டியானா கூனும் காட்ஸும் 2009-இல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், காரணம் சொல்லப் பழக்கிய பிள்ளைகள் கண்ணெதிரே இருந்த சான்றைவிடத் தங்கள் சொந்த எண்ணத்தையே அதிகம் நம்பி, முடிவுகளில் பின்தங்கினார்கள். விளக்கம் சொல்லச் சொல்ல அந்த விளக்கத்தின் மேல் பிடிப்பு கூடுகிறது, அது தவறான விளக்கமாக இருந்தாலும்கூட.

இந்த முறையைப் பற்றிப் பேசுபவர்கள் சொல்லாமல் விடும் இரண்டு விஷயங்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதலாவது, பலன் சுமாரானது. மெக்எல்டூன், டர்கின், ரிட்டில்-ஜான்சன் மூவரும் 2013-இல் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டார்கள்: விளக்கச் செலவிடும் நேரத்தில் இன்னும் சில கணக்குகளைப் போட்டிருந்தால்? இரண்டாம் முதல் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்ததில், கூடுதல் பயிற்சியைவிட விளக்கம் தந்த அனுகூலம் சிறிதாகவே இருந்தது. 2006 ஆய்விலேயே பிள்ளைகள் சொன்ன விளக்கங்களில் பெரும்பாலானவை ‘இதைக் கூட்டி அதைக் கழித்தேன்’ என்ற செய்முறைதான், ஏன் என்பது அரிதாகவே வந்தது. ஆகவே தினமும் எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. பெருக்கல் வாய்ப்பாட்டுப் பயிற்சியின் முடிவில் விளக்கம் கேட்பது நேர விரயம். பிள்ளைகள் பெரும்பாலோர் ஒரே மாதிரி தவறாக நினைக்கும் இடங்களுக்கே இந்த எட்டு நிமிடம் தகும். சமக்குறி அப்படிப்பட்ட இடம். 302-இலிருந்து 178-ஐக் கழிக்கும்போது பூஜ்யத்திடம் கடன் வாங்குவதும், நான்கில் ஒன்று மூன்றில் ஒன்றைவிடப் பெரிது என்று நினைப்பதும் அத்தகையவை. கேள்வியைப் பாடத்துக்கு முந்தைய நாளே எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் நல்ல தவறான விடை மணி அடிக்கும் நேரத்தில் தோன்றாது.

இரண்டாவது இன்னும் அடிப்படையானது. நான் மேலே சொன்ன விளக்க ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு பிள்ளையும் ஓர் ஆய்வாளரும் தனியே உட்கார்ந்து, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பேசியவை. முப்பது பேர் வகுப்பில், பாடம் முடிந்தபின் கேட்பது வேறு சூழல். தராசு இன்னும் மேசை மேல் இருக்கிறது, பலகையில் எல்லாம் எழுதியிருக்கிறது, ஆசிரியரின் குரல் காதில் இருக்கிறது. அந்த நேரத்தில் வரும் நல்ல விளக்கத்தில் எவ்வளவு பிள்ளையுடையது, எவ்வளவு அறையில் மிதந்துகொண்டிருப்பது என்று பிரிக்க முடியாது. ஆகவே பாட முடிவுக் கேள்வியை நான் பாதிக் கேள்வி என்றே கருதுகிறேன். மறுபாதி மறுநாள் காலை, பலகை வெறுமையாக இருக்கும்போது, அதே பையனைப் பற்றி எண்ணை மட்டும் மாற்றிக் கேட்பது. நேற்று முதல் அடுக்கில் இருந்த பிள்ளைகளில் யார் இன்று தடுமாறுகிறார்கள் என்பது, நேற்றைய சீட்டுகள் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். ஒன்றை மட்டும் செய்யத்தான் நேரம் இருக்கிறது என்றால், மாலைக் கேள்வியை விட்டுவிட்டுக் காலைக் கேள்வியைக் கேளுங்கள் என்பேன்.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் எட்டு வயதைத்தான் எல்லையாக வைத்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்குமாக வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பயிற்சி நூல் கொடுப்பது அதன் முறை. பல பள்ளிகளில் மூன்று வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். மூன்று நிலைகளுக்கும் ஒரே சமயத்தில் வேலை கொடுத்து, செயலியில் மதிப்பீட்டையும் ஏற்றும் அவரிடம் முப்பது சீட்டைப் படியுங்கள் என்று சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சீட்டைப் படித்துப் பிரிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. வாரத்துக்கு ஒரு முறை என்றால் தாங்கும். தாங்காதது எது என்றால், அந்தச் சீட்டுக்கு மதிப்பெண் போடுவதும், அதை வளரறி மதிப்பீட்டுக் கோப்பில் ஒட்டி வைப்பதும், பார்வைக்கு வருபவர் ‘எத்தனை சீட்டு?’ என்று எண்ணுவதும். மதிப்பெண் வந்த அன்றே பிள்ளைகள் ‘ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்’ என்று அழகாக எழுதத் தொடங்கிவிடுவார்கள், சிலரது கையெழுத்து ஆசிரியரின் கையெழுத்தை ஒத்தும் இருக்கும்.

வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக்குப் போனால் சீட்டுக்கட்டைக் கேட்காதீர்கள். நேற்றைய சீட்டில் கண்டதை வைத்து இன்றைக்குப் பாடத்தில் எதை மாற்றினீர்கள் என்று கேளுங்கள். படித்து முடித்ததும் சீட்டுகளைக் கிழித்துப்போடும் உரிமையை ஆசிரியருக்கு விட்டுக்கொடுங்கள்.